கருப்பட்டிக்கு எந்த எச்எஸ் கோடு? சாயல்குடியிலிருந்து வெளிநாட்டுக்குச் சின்னப் பார்சல்கள்

சாயல்குடி செல்வி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பனையேற்றம். அப்பா பாளை சீவி இறக்குகிறார். அம்மாவும் நானும் விடிலிக் குடிசையில் பதநீர் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுக்கிறோம். உள்ளூர் வியாபாரி சீசனில் கேட்கும் விலை கட்டவில்லை என்பதால், போன வருடம் முதல் வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு நேரடியாக அனுப்ப ஆரம்பித்தேன். ஏற்றுமதிக்கான ஐஇசி எண் வாங்கியாகிவிட்டது. வங்கியிலும் பதிந்தாகிவிட்டது. இடிப்பது எச்எஸ் கோடு என்ற சுங்கக் குறியீடுதான், சரக்கு எந்த வகை என்று சுங்கத்துக்குச் சொல்லும் எண்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜூலையில் சிங்கப்பூருக்கு 10 கிலோ பெட்டி ஒன்று. புக்கிங் எடுத்த கூரியர் ஏஜென்ட், "கருப்பட்டின்னா சுகர்தானே" என்று பில்லில் sugar என்று போட்டு 1701 99 90 என்ற கோடைக் கொடுத்துவிட்டார். எனக்கு அப்போது எதுவும் தெரியாது, கையெழுத்துப் போட்டேன். பெட்டி சென்னையைத் தாண்டவில்லை. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது மேல் அடுக்குக் கருப்பட்டி முழுக்கக் கசிந்து அட்டையோடு ஒட்டிக் கிடந்தது. திருப்பிக் கொண்டுவந்த செலவும் என் தலையில்.

இப்போது இரண்டு ஆர்டர் கையில் இருக்கிறது. ஒன்று சிங்கப்பூர், ஒன்று இங்கிலாந்து. இரண்டிலும் இருப்பது இவைதான்: கருப்பட்டி 6 கிலோ, பனங்கற்கண்டு 2 கிலோ, சுக்குக் கருப்பட்டி 2 கிலோ, கூடவே மூடி போட்ட ஓலைக் கொட்டான் நான்கு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு கோடு சொல்கிறார்கள். யாராவது காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் தெரிந்தால்தான் அடுத்த முறை நானே பார்த்துப் போட முடியும்.

பாம்பன் ராஜ்

அக்கா, இதில் குழப்பமே இல்லை. 1701 13 போடுங்கள். அந்தக் கோடுக்கென்று தனிக் குறிப்பே இருக்கிறது. எந்திரத்தில் சுழற்றிப் பிரிக்காமல், பழைய முறையில் காய்ச்சி எடுத்த சர்க்கரைக்கு வைத்ததுதான் அது. நீங்கள் செய்வது அப்படித்தானே? ஏஜென்ட் செய்த தப்பு, சுத்திகரித்த வெள்ளைச் சீனியின் வரிசையில் போட்டதுதான். 1701 சரி, உள்ளே இருக்கும் கிளைதான் தப்பு. நம்ம ஊர் வெல்லம் அனுப்புகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள்.

தங்கச்சிமடம் ஜோசப்

ஜிஎஸ்டி அட்டவணையைப் பாருங்கள். பனை வெல்லம் என்று பெயரோடு இருக்கிறது. அந்த வரிசைக்கு எதிரே "1701 அல்லது 1702" என்று போட்டிருக்கிறார்கள். அரசே இரண்டில் எது வேண்டுமானாலும் என்று சொன்ன பிறகு நாம் ஏன் மண்டையை உடைக்க வேண்டும்?

இன்னொன்று, இதே மாதிரி எனக்கும் ஆனது. கத்தாருக்கு நெத்திலிக் கருவாடு 4 கிலோ அனுப்பினேன், அங்கே நிறுத்திவிட்டார்கள். அதற்கும் கோடு தப்பு என்றுதான் சொன்னார்கள். அதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

தூத்துக்குடி முத்து அண்ணாச்சி

செல்வி, நான் தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருபத்தி மூன்று வருடம் ஷிப்பிங் பில் போட்டவன். இப்போது ஓய்வு. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ராஜ் தம்பிக்கு. நீங்கள் சொன்ன குறிப்பு உண்மை. ஆனால் அதை முழுதாகப் படிக்க வேண்டும். 1701 13 கிளைக்கான குறிப்பு தொடங்குவதே "கரும்புச் சர்க்கரை" என்றுதான். சுழற்றிப் பிரிக்காதது, சுக்ரோஸ் எவ்வளவு என்று காட்டும் போலாரிமீட்டர் அளவு 69 பாகைக்குக் குறையாமலும் 93க்குள்ளும் இருப்பது என்பதெல்லாம் அதற்கு அப்புறம் வரும் நிபந்தனைகள். அதற்கும் மேலே போய் 1701 என்ற தலைப்பையே படித்தால் மூன்று பொருள்தான் இருக்கிறது: கரும்புச் சர்க்கரை, பீட் கிழங்குச் சர்க்கரை, வேதியியல் அளவில் தூய்மையான சுக்ரோஸ். திடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பனை அங்கே எங்கும் இல்லை. தலைப்புக்குள் நுழையாத சரக்கை அதன் கிளையில் கொண்டுபோய் உட்கார வைக்க முடியாது. கோடு தேடும்போது நான்கு இலக்கத் தலைப்பின் வாசகத்தையும் அந்த அத்தியாயத்தின் குறிப்புகளையும் முதலில் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஆறு, எட்டு என்று இறங்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் கூகுளில் வந்த எட்டு இலக்கத்திலிருந்து மேலே ஏறுகிறார்கள். தப்பு அங்கேதான் விழுகிறது.

அடுத்த தலைப்பு 1702, அதாவது பிற சர்க்கரைகள். லாக்டோஸ், மேப்பிள், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் எல்லாம் அங்கே தனித்தனிக் கிளை. இவை எதிலும் சேராத மிச்சம் 1702 90. கரும்பிலிருந்தோ பீட்டிலிருந்தோ வராத சர்க்கரைக்கு இடம் அதுதான். நம் இந்திய அட்டவணையில் அதற்குள் 1702 90 10 என்று பனஞ்சர்க்கரைக்குத் தனி வரிசையே போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் கருப்பட்டிக்கு அதுதான் கோடு.

உங்கள் பெட்டி சென்னையில் ஏன் நின்றது என்பதற்கு வருகிறேன். 2022 ஜூன் 1 முதல் சர்க்கரை ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அந்த அறிவிப்பில் பெயர் சொல்லிப் போட்ட கோடுகள் இரண்டு: 1701 14 90, 1701 99 90. அதை 2023 அக்டோபரில் மறு உத்தரவு வரும்வரை என்று நீட்டித்தார்கள். உங்கள் ஏஜென்ட் போட்டது அதில் ஒன்று. கணினியில் அந்த எண்ணைப் பார்த்தவுடன் அதிகாரிக்கு இது அனுமதி இல்லாத வெள்ளைச் சீனி. பெட்டிக்குள் பழுப்பாக எது இருந்தாலும், அவர் முன்னால் இருக்கும் காகிதம் சீனி என்கிறது. பில்லில் sugar என்ற ஒற்றைச் சொல் இருந்ததால், இது வேறு சரக்கு என்று யோசிக்கவும் அவருக்கு வழியில்லை.

ஜோசப் தம்பி, ஜிஎஸ்டி அட்டவணை வரி விகிதத்துக்காக எழுதியது. அந்த ஒரே வரிசையில் கரும்பு வெல்லமும் இருக்கிறது, பனை வெல்லமும் இருக்கிறது. முன்னது 1701, பின்னது 1702 என்பதால்தான் "அல்லது" வந்திருக்கிறது. பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. கருவாட்டுக்குத் தனியாகக் கேளுங்கள். அதில் கோடைவிடச் சான்றிதழ்தான் சிக்கலாக இருந்திருக்கும். இங்கே கலந்தால் செல்விக்குக் குழப்பம்.

சாயல்குடி செல்வி

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. கட்டுப்பாடு இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். மூன்று வாரமும் நான் ஏதோ பெட்டியில் பூச்சி வந்துவிட்டது, அதனால் நிறுத்திவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சந்தேகம். 1702 90 10 என்பது இந்திய எண். அங்கே இருப்பவர்களுக்கும் அதுவேதானா? இங்கிலாந்தில் வாங்குகிறவர் பத்து இலக்கம் வேண்டும் என்கிறார்.

பனங்கற்கண்டுக்கும் இதே கோடு போடலாமா?

தூத்துக்குடி முத்து அண்ணாச்சி

முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்கப் பொது. 1702 90 வரை நீங்களும் அவரும் ஒன்று. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குக் கிளை பிரித்துக்கொள்ளும். நாம் எட்டோடு நிறுத்துகிறோம், இங்கிலாந்துக்காரர் இறக்குமதிக்குப் பத்து வைத்திருக்கிறார். நம் கடைசி இரண்டு எண்ணை அங்கே சொன்னால் அது வேறு எதையாவது குறிக்கும். அதனால் இந்தியப் பில்லில் எட்டையும் போடுங்கள். பெட்டியின் மேல் ஒட்டும் தபால் படிவத்திலும் வாங்குகிறவருக்கு அனுப்பும் இன்வாய்ஸிலும் ஆறு மட்டும் போடுங்கள். மிச்சத்தை அவர் தன் நாட்டு அட்டவணையில் பார்த்துக்கொள்ளட்டும். அங்கே வரி கட்டுகிறவர் அவர். அந்த முடிவும் அவருடையதாக இருப்பதே நல்லது.

பனங்கற்கண்டு கொஞ்சம் நுட்பமானது. 1701இல் மூன்றாவதாகத் தூய சுக்ரோஸ் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு மூலம் எது என்ற கேள்வியே கிடையாது. எதிலிருந்து எடுத்தாலும், வேதியியல் அளவில் தூய்மையாக இருந்தால் அங்கே போய்விடும். கருப்பட்டியில் தாது உப்பு, பதநீரின் மிச்ச சொச்சம் எல்லாம் கிடப்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கற்கண்டு அப்படியில்லை. படிகமாக வளரும்போது அழுக்கை வெளியே தள்ளிவிட்டுத்தான் வளரும். நன்றாகக் கழுவி வெளுத்த கற்கண்டை ஒரு அதிகாரி சுக்ரோஸ் என்று சொல்லிவிட வாய்ப்பு இருக்கிறது. என் கருத்து: வீட்டில் எடுத்த பழுப்புக் கற்கண்டு ஆய்வகத் தூய்மைக்குக் கிட்டே வராது, 1702 90 10 போடலாம். ஆனால் ஒரே ஒருமுறையாவது சாம்பிள் கொடுத்து சுக்ரோஸ் அளவு, சாம்பல் அளவு இரண்டுக்கும் ரிப்போர்ட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எரித்த பிறகு மிஞ்சும் தாது உப்புதான் சாம்பல், அந்த அளவு பேசும்.

இன்னொன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கற்கண்டு உங்கள் வீட்டில் எடுத்ததா, வெளியே வாங்கியதா?

சாயல்குடி செல்வி

கருப்பட்டி முழுக்க எங்கள் விடிலி. கற்கண்டு பாதிதான் எங்களுடையது. பாகு ஊற்றி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இடமும் போதவில்லை. மீதியை ஒரு வியாபாரியிடம் வாங்குகிறேன்.

தூத்துக்குடி முத்து அண்ணாச்சி

அதைத்தான் பயந்தேன். சந்தையில் கிடைக்கும் பனங்கற்கண்டில் பெரும்பகுதி சீனிப் பாகில் கொஞ்சம் பதநீரோ கருப்பட்டியோ கலந்து படிய வைத்தது. உங்களுக்கே தெரிந்திருக்கும். சீசன் இல்லாத காலத்தில் கருப்பட்டியிலும் சீனி விழுகிறது. உள்ளூரில் அது கலப்படம், வெளிநாட்டுக்குப் போகும்போது கோடே மாறிவிடும். இரண்டு சர்க்கரையும் கலந்த சரக்கில் எது அதற்குத் தன்மையைக் கொடுக்கிறது என்று பார்ப்பார்கள். முக்கால்வாசி கரும்புச் சீனியாக இருந்தால் அதைப் பனஞ்சர்க்கரை என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? அது 1701க்குத் திரும்பிவிடும். அதாவது கட்டுப்பாடு இருக்கும் வரிசைக்கு. நீங்கள் 1702 90 10 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அது பொய் அறிவிப்பு. வியாபாரி வந்து நிற்க மாட்டார்.

கண்டுபிடிக்க முடியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். கரும்பும் பனையும் காற்றிலிருந்து கரியை இழுக்கும் விதம் வேறு. அதனால் சர்க்கரைக்குள் கார்பன் 13 விகிதம் இரண்டிலும் வேறு வேறாக நிற்கும். தேனில் கரும்புப் பாகு கலந்திருக்கிறதா என்று பார்க்கப் பயன்படுத்தும் அதே சோதனைதான். பீட் சீனியை அது காட்டிக்கொடுக்காது, பீட்டும் பனை மாதிரிதான் கரியை எடுக்கிறது. ஆனால் நம் ஊரில் கலப்பது கரும்புச் சீனிதானே. நாக்கில் வைத்துப் பார்ப்பதும், தண்ணீரில் கரைத்துப் பார்ப்பதும் நமக்கு உதவும், ஆய்வகத்துக்கு முன்னால் அது நிற்காது.

இந்த முறை வாங்கிய கற்கண்டை விட்டுவிட்டு, சொந்தமாக எடுத்ததை மட்டும் அனுப்புங்கள்.

பாம்பன் ராஜ்

அண்ணாச்சி, தலைப்பைப் படிக்கச் சொன்னது உறைத்தது. நான் அந்தக் குறிப்பை ஒரு வெல்ல வியாபாரியின் பில்லிலிருந்து எடுத்தேன், அவருடையது கரும்பு வெல்லம். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் சுக்குக் கருப்பட்டிக்கு நான் விட மாட்டேன். சுக்கு, மிளகு, ஏலம் போட்டு உருட்டியது மிட்டாய்தான். மிட்டாய்க்கு 1704 என்று தனித் தலைப்பு இருக்கிறது.

கீழக்கரை ஃபாத்திமா

அஸ்ஸலாமு அலைக்கும். செல்வி தங்கச்சி, நான் கருப்பட்டிக்கு ஆள் இல்லை, உன் கொட்டானுக்குத்தான் வந்தேன். கீழக்கரையில் நாங்கள் ஓலைப்பெட்டி பின்னுகிறோம். மலேசியாவுக்கும் துபாய்க்கும் வருடத்துக்கு ஐந்தாறு முறை அனுப்புகிறேன். ஓலைப் பின்னலில் செய்த கூடை, பெட்டி எல்லாம் 4602. மூங்கிலுக்கு ஒரு கிளை, பிரம்புக்கு ஒரு கிளை, மற்றத் தாவரப் பொருட்களுக்கு 4602 19. பனை ஓலை அதில் வரும். கடைசி இரண்டு எண் கூடைக்கா மற்றதற்கா என்று அட்டவணையில் பார்த்துப் போடு.

என்னிடம் முதலில் 4202 போடச் சொன்னார்கள், கைப்பை, பெட்டி எல்லாம் அந்தத் தலைப்பு என்று. நான் பெட்டிக்குள் துணி தைத்து, கைப்பிடியும் வைப்பேன். அதனால் அதுதான் சரி என்று நானும் இரண்டு வருடம் போட்டேன். அப்புறம் துபாயில் இறக்குகிற காக்கா ஒருவர்தான் காட்டினார். 42ஆம் அத்தியாயத்தின் குறிப்பிலேயே பின்னல் பொருளால் ஆனவை 4202இல் சேராது, 4602க்குப் போ என்று எழுதியிருக்கிறது. உள்ளே துணி இருப்பதால் ஓலைப்பை துணிப்பை ஆகிவிடாது.

ஆனால் உன் கொட்டானில் எனக்கே சந்தேகம். அதற்குள் கருப்பட்டியை வைத்து அனுப்புகிறாயா, காலியாகத் தனியே அனுப்புகிறாயா? அதைப் பொறுத்துக் கோடு மாறும் என்று நினைக்கிறேன். முத்து அண்ணாச்சி சொல்லட்டும்.

சாயல்குடி செல்வி

லாத்தா, வ அலைக்கும் ஸலாம். இரண்டு மாதிரியும் உண்டு. சாதாரணக் கொட்டானில் அரைக் கிலோ வைத்துக் கட்டி அனுப்புவது பழக்கம். அந்தக் கொட்டான் விலை பத்து, பதினைந்து ரூபாய்தான், கருப்பட்டி விலையிலேயே அடங்கிவிடும். இந்த ஆர்டரில் கேட்டிருப்பது மூடி போட்டு, சாயம் ஏற்றிய ஓலையில் கட்டம் போட்டுப் பின்னிய பெட்டி. ஒன்று 350 ரூபாய். அதற்குள் கால் கிலோ கருப்பட்டி வைத்து, கல்யாணத்துக்குக் கொடுக்க என்று கேட்கிறார்கள்.

தூத்துக்குடி முத்து அண்ணாச்சி

ஃபாத்திமா அம்மா கேட்டது சரியான கேள்வி. சரக்கைக் கட்டிக்கொடுக்க வழக்கமாகப் பயன்படுத்தும் பொதி, உள்ளே இருக்கும் சரக்கோடு சேர்ந்து அதே கோடில் போகும். பத்து ரூபாய்க் கொட்டான் அப்படி. கருப்பட்டி தீர்ந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதற்குத் தனி வரி வேண்டாம்.

350 ரூபாய்ப் பெட்டி வேறு. அதை வாங்குகிறவர் வருடக்கணக்கில் வைத்திருப்பார், வேறு எதையும் போட்டு வைப்பார். உள்ளே இருக்கும் கால் கிலோவைவிடப் பெட்டியின் விலை அதிகம். எச்எஸ் விளக்கக் குறிப்புகளில் இதற்கு ஒரு எடுத்துக்காட்டே இருக்கிறது: அலங்காரப் பீங்கான் கிண்ணத்தில் மிட்டாய் வைத்து விற்பது. அங்கே கிண்ணம் மிட்டாயோடு போகாது. உங்கள் பெட்டியும் அதே கதைதான். பெட்டியை 4602 19 என்று ஒரு வரியாகவும், அதற்குள் இருக்கும் ஒரு கிலோவைக் கருப்பட்டி வரியோடு சேர்த்தும் காட்டுங்கள். எடை, விலை இரண்டையும் பிரித்துப் போடுங்கள். முடிந்தால் கருப்பட்டியைத் தனியே கட்டி, பெட்டியைக் காலியாக அனுப்புங்கள். வாதமே வராது. கசிவிலிருந்து பெட்டியும் தப்பும்.

இப்போது ராஜ் தம்பியின் சுக்குக் கருப்பட்டி. அதில் எனக்கும் முழு நிச்சயம் இல்லை. என் வாதம் இதுதான். 1702இன் தலைப்பில், மணம் நிறம் சேர்க்காதது என்ற நிபந்தனை பாகுக்கு மட்டும்தான் இருக்கிறது. திடச் சர்க்கரைக்கு அந்த நிபந்தனை இல்லை. அதனால் கொஞ்சம் சுக்கு, மிளகு போட்டதால் மட்டும் அது சர்க்கரை வகையை விட்டு வெளியேறாது என்று நான் படிக்கிறேன். ஆனால் மிட்டாய் வாதமும் லேசானதில்லை. எப்படி விற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். செல்வி, உங்களுடையது சிரட்டை அளவா, வாயில் போடும் அளவா? எவ்வளவு சுக்கு போடுகிறீர்கள்?

சாயல்குடி செல்வி

சிரட்டை அளவு, காப்பிக்கு உடைத்துப் போடுவதற்கு. ஒரு கிலோவுக்குச் சுக்கு 40 கிராம், மிளகும் ஏலமும் சேர்த்து 10 கிராம். ஆனால் இங்கிலாந்துக்காரர் சின்னச் சின்னத் துண்டாக வார்த்து, தனித்தனித் தாளில் சுற்றிக் கேட்கிறார். கடையில் கல்லாப்பெட்டி பக்கத்தில் வைப்பாராம்.

பாம்பன் ராஜ்

பார்த்தீர்களா அண்ணாச்சி. தாளில் சுற்றியது மிட்டாய் இல்லாமல் என்ன?

தூத்துக்குடி முத்து அண்ணாச்சி

அந்தத் துண்டுக்கு நீ சொல்வதே சரியாக இருக்கலாம் தம்பி. அப்படியே வாயில் போட்டுத் தின்ன, தாளில் சுற்றி, கல்லாவில் வைத்து விற்றால் 1704 பக்கம்தான் சாய்கிறது. காப்பிக்கு உடைத்துப் போடும் சிரட்டைக் கட்டிக்கு நான் 1702 90 என்றே நிற்பேன். ஒரே அடுப்பில், ஒரே பாகில் எடுத்த சரக்குக்கு இரண்டு கோடு வரலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

சிங்கப்பூர் இலியாஸ்

நான் செல்வியிடம் ஆர்டர் கொடுத்தவன், ஏர்வாடிக்காரன். ஏஜென்ட் போட்ட கோடால் திரும்பிப் போன பெட்டி என்னுடையதுதான். இந்தப் பக்கத்து நிலவரத்தைச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் சுங்க வரி என்பது மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருட்களுக்கு மட்டும்தான். கருப்பட்டிக்கு 1701 ஆனாலும் 1702 ஆனாலும் சுங்க வரி இல்லை. அதனால் இங்கே கோடு பெரிய விஷயம் இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். வியாபாரத்துக்கு உணவு இறக்கினால் உணவு முகமைப் பதிவு வேண்டும், பெர்மிட் போட வேண்டும். பெர்மிட்டில் எந்தக் கோடு என்று கேட்கிறது, அதை வைத்துத்தான் எந்த உணவு வகை என்று பிரிக்கிறது. என் பெர்மிட்டில் ஒன்று, செல்வியின் பில்லில் வேறொன்று என்றால் விளக்கம் கேட்டுத் தாள் வரும். வரி இல்லை என்றாலும் இரண்டு பக்கமும் முதல் ஆறு எண் ஒன்றாக இருக்க வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் இன்வாய்ஸை எனக்கு வாட்சப்பில் போட்டுவிடு செல்வி, நான் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சிலர் "கிஃப்ட் என்று போட்டு அனுப்பு" என்று சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். நான் காசு அனுப்பி வாங்குகிறேன், வங்கியில் அந்தப் பணம் வந்ததற்கு உன்னிடம் பில் இருக்க வேண்டும்.

தங்கச்சிமடம் ஜோசப்

சரி, ஒரு யோசனை. இவ்வளவு பிரச்சினை எதற்கு, எல்லாவற்றையும் "இனிப்பு வகைகள்" என்று ஒரே வரியில் போட்டால்? பத்து கிலோ பெட்டியை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

தூத்துக்குடி முத்து அண்ணாச்சி

முன்பு பார்க்க மாட்டார்கள், உண்மை. இப்போது பெட்டி போவதற்கு முன்னாலேயே தகவல் மின்வழியில் போய்விடுகிறது. ஐரோப்பிய நாடுகள் தபால் பெட்டிக்கும் ஆறு இலக்கக் கோடும் தெளிவான விவரிப்பும் கேட்கின்றன. பொத்தாம்பொதுவான சொல் இருந்தால், பெட்டியைத் திறக்காமலேயே விவரத்தைத் திருப்பி அடித்துவிடுவார்கள். அமெரிக்காவில் 800 டாலருக்குக் கீழே வரி இல்லை என்று இருந்த சலுகையையும் 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டார்கள். சின்னப் பெட்டிக்கும் இப்போது வரி உண்டு.

செல்வி, விவரிப்பை இப்படி எழுதுங்கள். எதனால் ஆனது, என்ன வடிவம், என்ன சேர்த்தது, என்ன சேர்க்காதது, நான்கும் வர வேண்டும். இன்வாய்ஸில் அப்படியே தட்டலாம்:

```
1. PALMYRA JAGGERY, SOLID, FROM PALM SAP,
   NO CANE SUGAR ADDED - 7 KG - 1702 90
2. PALMYRA SUGAR CRYSTALS, UNREFINED,
   FROM PALM SAP - 2 KG - 1702 90
3. HAND-WOVEN BOX WITH LID, PALM LEAF
   - 4 NOS - 4602 19
```

கருப்பட்டி ஏழு கிலோ ஆனது, பெட்டிகளுக்கான ஒரு கிலோவையும் அதில் சேர்த்ததால். "ஜாகரி" என்று வெறுமனே போட்டால் கரும்பு வெல்லம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பனை என்ற சொல் முதலில் வர வேண்டும். "கரும்புச் சீனி சேர்க்கவில்லை" என்பது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். அந்த ஒரு வரிதான் உங்களை 1701இலிருந்து பிரிக்கிறது, அந்த ஒரு வரிக்குத்தான் நாளைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சுக்குக் கருப்பட்டியை இந்த முறை சேர்க்கவில்லை, கவனித்தீர்களா? இங்கிலாந்தில் வாங்குகிறவர் எந்தக் கோடு என்று அங்கே சுங்கத்துறையிடம் முன்கூட்டியே தீர்ப்புக் கேட்கலாம். கட்டணம் இல்லை, பொதுவாக மூன்று வருடம் செல்லும். ஒரு சாம்பிளும், செய்முறையும், எத்தனை சதவீதம் எது என்ற கணக்கும் அவருக்குக் கொடுத்துவிடுங்கள். சின்னத் துண்டுக்கும் சிரட்டைக் கட்டிக்கும் தனித்தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். அமெரிக்காவுக்கு யாராவது அனுப்பினால் rulings.cbp.gov தளத்தில் palm sugar என்று தட்டிப் பாருங்கள். அங்கே சுங்கத்துறை முன்பு எழுதிய தீர்ப்புகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம். இன்னொரு நாட்டுத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதிகாரி எந்த வரிசையில் யோசிக்கிறார் என்பது அதில் தெரியும்.

கீழக்கரை ஃபாத்திமா

அண்ணாச்சி, நான் இரண்டு வருடம் 4202 போட்டு அனுப்பியதற்கு இப்போது ஏதாவது ஆகுமா? பழைய பில்லைத் திருத்த வேண்டுமா?

தூத்துக்குடி முத்து அண்ணாச்சி

அம்மா, அதற்கு நான் இங்கே உட்கார்ந்து பதில் சொல்வது சரியில்லை. அந்தப் பில்களில் ஏதாவது சலுகைப் பணம் வாங்கினீர்களா என்பதைப் பொறுத்தது. வாங்கியிருந்தால் விகிதம் வேறாக இருந்திருக்கும், கணக்குப் பார்க்க வேண்டும். பில் நகல்களோடு ஒரு லைசென்ஸ் உள்ள புரோக்கரைப் போய்ப் பாருங்கள்.

சாயல்குடி செல்வி

பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன். சிங்கப்பூர்ப் பெட்டி ராமநாதபுரம் தபால் ஏற்றுமதி மையம் வழியாகப் போனது. கணினியில் எட்டு இலக்கத்தையும் நானே உட்கார்ந்து போட்டேன். கவுண்டரில் இருந்த அண்ணன், "பனைக்குத் தனியா நம்பர் இருக்கா" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். சென்னையில் ஒரு நாள்தான் நின்றது. இலியாஸ் காக்கா கைக்குப் போய்விட்டது, ஒரு கட்டிகூடக் கசியவில்லை.

கற்கண்டு ரிப்போர்ட்டும் வந்தது. வீட்டில் எடுத்ததில் சாம்பல் நன்றாகத் தெரிகிறது. வியாபாரியிடம் வாங்கியதில் ஒரு பிடி மீதம் இருந்தது, அதையும் கொடுத்துப் பார்த்தேன். சாம்பல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அவரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

இங்கிலாந்துப் பெட்டி சுக்குக் கருப்பட்டி இல்லாமல் போயிருக்கிறது. வாங்குகிறவர் அங்கே தீர்ப்புக்கு எழுதியிருக்கிறார், இன்னும் பதில் இல்லை.

பாம்பன் ராஜ்

வந்ததும் இங்கே போடுங்கள் அக்கா. 1704 என்றுதான் வரும்.

தூத்துக்குடி முத்து அண்ணாச்சி

சிரட்டைக் கட்டிக்கு வராது தம்பி.